வேம்பு வரைக்கும்

தப்பாகச் சொல்லிவிடப் போகிறோம் என்ற பயம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதே மயிலாத்தாளுக்கு வந்துவிட்டது. மணியகாரர் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவார், எல்லோரும் கிணற்றடியில் கூடுவார்கள், அவள் வாயைத் திறந்து, இந்த இடத்தில் தொடங்கி இந்த இடத்தில் முடிகிறது என்று அண்ணன் தம்பி பாகத்துக்கு நிலத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். சொல்வதில் என்ன இருக்கிறது, முப்பது வருஷமாகக் காலில் மிதித்துக்கொண்டிருக்கிற காடுதானே என்று நினைத்தாள். ஆனால் ‘வரைக்கும்’ என்ற அந்தச் சனியன் பிடித்த வார்த்தை நாக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அந்த வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது என்று மணியகாரர் கட்டளையே போட்டிருக்கிறார். எல்லாம் இந்த மனிதன், அவள் புருஷன் சென்னியப்பன், சித்திரையில் கூறு போடுகிறேன் என்று வந்து, ‘கிணத்துப் பக்கம் வேம்பு வரைக்கும் ஒண்ணு, ரோட்டுப் பக்கம் மீதி ஒண்ணு’ என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவியதால் வந்த வினை. வேம்பு யாருக்கு? வேம்பு வரைக்கும் என்றால் வேம்பும் சேர்த்து என்று இவர். வரைக்கும் என்றால் வேம்புக்கு முன்னாலேயே நின்றுபோச்சு என்று கொழுந்தன் குமரேசன். அறுத்தால் நாலு கதவுக்கு ஆகிற மரம். அதற்காக இரண்டு பேரும் அன்றைக்குக் கட்டிப் புரளாத குறை. ஒரு மாசம் பேச்சு நின்றுபோயிற்று. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்கிறோம், கோயில் வரைக்கும் போகிறேன் என்றும் சொல்கிறோம், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எந்தத் தாய் பெற்ற பிள்ளையாவது இதுவரை சண்டை போட்டிருக்கிறதா? ‘இனிமே கூறு சொல்றவங்க, உட்படன்னு சொல்லு, இல்ல நீங்கலான்னு சொல்லு. வரைக்கும்னு சொன்னா நான் துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்’ என்று மணியகாரர் சொல்லிவிட்டார். உட்பட. நீங்கலாக. அஞ்சாவதோடு ஆட்டுக்குப் பின்னால் அனுப்பப்பட்டவளுக்கு இதெல்லாம் எந்த ஊர் வார்த்தை? வேம்பு உட்பட, வேம்பு நீங்கலாக என்று மாட்டிடம் சொல்லிப் பார்த்தாள். மாடு தண்ணீரை உறிஞ்சிவிட்டு அவள் முகத்தில் மூச்சு விட்டது.

போதாததற்கு இவர் விடிந்ததிலிருந்து காதுக்குள்ளேயே குடியிருக்கிறார். ‘ஏ புள்ள, கோட்ட வேம்பத் தாண்டி மேக்க, ரோட்டப் பார்த்துத் தள்ளிப் போடு. அவன் ரோட்டுப் பக்கத்தத்தான் எடுப்பான். சைட்டுப் போடற ஆளுங்களோட டீக்கடையில உக்காந்திருந்தான், நானே பார்த்தேன். எப்படியும் அதத்தான் எடுக்கப் போறான், அதக் கொறைச்சுப் போட்டா நமக்கு லாபந்தானே.’ இதே கணக்கைத்தான் சித்திரையில் போட்டார். குமரேசன் ஒன்றும் எடுக்காமல், ‘அண்ணன் ஏமாத்தறான்’ என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அடுத்த உட்காரலில், சரி நீ போடு, உங்கண்ணன் எடுக்கட்டும் என்றார் மணியகாரர். அவன் என்ன, இவரோடு ஒரே வயிற்றில் பிறந்தவன்தானே, அண்ணனுக்குக் கிணற்று மேல்தான் ஆசை என்று தெரிந்து, கிணற்றுப் பக்கத்தைத் துண்டுத் துணி மாதிரி வெட்டினான். அப்போது செருப்பை மாட்டிக்கொண்டு வந்தது இவர். கூறு போடுகிறவன் ஒருத்தன், முதலில் எடுக்கிறவன் இன்னொருத்தன் என்பது எத்தனை நல்ல வழக்கம், போடுகிறவனுக்கு எது தன் பங்கில் விழும் என்று தெரியாததால் ஒழுங்காகப் போடுவான் என்று எல்லா ஊரிலும் நடக்கிறது. இந்த வீட்டில் மட்டும் ஒருத்தன் ஆசை இன்னொருத்தனுக்கு அத்துப்படி. அதனால் எப்படிப் போட்டாலும் கோணல். இவர்களை ஒரே தொட்டிலில் போட்டு ஆட்டியதுதான் தப்பு. ‘உங்க ரெண்டு பேருக்கும் மத்தவன் மனசு தெரியுது, சொந்த மனசு தெரியல’ என்று மணியகாரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, திரும்பி அவளைப் பார்த்தார். அப்போதே அவள் உள்ளே ஓடியிருக்க வேண்டும். டம்ளரை எடுப்பது மாதிரி எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ‘மயிலா போடட்டும். குமரேசன் எடுக்கட்டும்.’ குமரேசன் பெண்டாட்டி வளர்மதி உடனே, ‘அதெப்படிங்க மாமா, அக்கா அவங்க வீட்டுப் பக்கந்தான சாய்வாங்க’ என்றாள். ‘சாயட்டுமே அம்மிணி, எடுக்கப் போறது உம்புருஷன். சாஞ்ச பக்கத்த அவன் எடுத்துக்கட்டும்.’ வளர்மதி அதை யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினாள். மயிலாத்தாளுக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

செருப்பில்லாமல், தோட்டத்துக்குப் போகிற இட்டேரிப் பாதையில் நடந்தாள். இருபுறமும் கிளுவை வேலி முள் நீட்டிக்கொண்டிருந்தது. மணியகாரர் என்ன மனுஷன். செங்கோடப்பன் என்று பேர், அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. அவருடைய தாத்தா மணியம் பார்த்தவர், வேலை எப்போதோ ஒழிந்துபோனாலும் பட்டம் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் வந்தவர் நிலத்தையே பார்க்கவில்லை. ‘தங்கச்சி என்ன சொல்றா?’ என்றுதான் கேட்டார். அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், தங்கை கண்ணம்மாள் ஒருத்தி இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி. போனில் சொன்னால் போதாது, அவளுக்கும் சரிசமமாக உரிமை இருக்கிறது, அவளே வந்து வாயால் சொல்லி, பத்திரத்திலும் அவளே கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அவள் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனால் நீங்கள் பிரித்ததெல்லாம் காற்றோடு போகும் என்றார். கண்ணம்மாள் தாராபுரத்திலிருந்து வந்து, ஊருக்குள் இருக்கிற பழைய வீட்டையும் மனையையும் எனக்குக் கொடுங்கள், காட்டில் கை நீட்ட மாட்டேன் என்றாள். அது முடிந்தது. அடுத்தது தண்ணீர். அதற்கு ஒரு நாள் முழுக்க. நிலத்தைப் பிரித்துவிட்டுத் தண்ணீர் பேசினால், கிணறு யார் பக்கம் விழுந்ததோ அவன் ராஜா ஆகிவிடுவான், அதனால் யாருக்கு எது என்று தெரியாதபோதே தண்ணீரைப் பேசிவிட வேண்டும் என்பது அவர் முறை. கிணறு, மோட்டார் ரூம், கரண்ட் இணைப்பு எல்லாம் பொது. பேர் யார் பேரில் இருந்தாலும் சரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை, மூத்தவனுக்கு முதல் முறை. கரண்ட் வராத நாள் யார் நாளோ அவர்களுக்கு நஷ்டம், அதற்கு ஈடு கேட்கக் கூடாது. மோட்டார் காயில் போனால் பாதிப் பாதி. ஒருத்தர் போர்வெல் போட்டால் கிணற்றை விட்டு இத்தனை தூரம் தள்ளித்தான். மூன்றாவது தடம். ரோட்டிலிருந்து கிணறு வரை தெற்குப் பொழியை, அந்த எல்லை வரப்பை, ஒட்டி வண்டி போகிற அகலத்துக்குத் தடம், ரோட்டுப் பக்கம் யாருக்கு விழுந்தாலும் அதை உழக்கூடாது, அடைக்கக்கூடாது. ‘பாரு, ஒருத்தன் தண்ணி இன்னொருத்தன் காட்டு வழியா வரணும், ஒருத்தன் வண்டி இன்னொருத்தன் காட்டு வழியாப் போகணும். ரெண்டு பேரு குடுமியும் ரெண்டு பேரு கையில’ என்றார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். மயிலாத்தாளுக்குச் சந்தோஷம் இல்லை. காகிதத்தில் பொது என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? வளர்மதியிடம் போய், ‘மோட்டாரக் கொஞ்சம் எடுத்து விடம்மா’ என்று நிற்க வேண்டி வந்தால்? ‘இருங்கக்கா, எங்க வாழைக்குப் பாய்ச்சிட்டு விடறோம்’ என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள், பல்லெல்லாம் தெரியும்.

வாயால் கெட்டது அவளுக்கு இதுவா முதல் தடவை? போன ஐப்பசி மழையில் கரண்ட் கம்பம் சாய்ந்து, லைன்மேன் வந்து, ‘யாரு பக்கம்மா விழுந்திருக்கு?’ என்று கேட்டபோது, ‘எங்க பக்கமுங்க’ என்று சொன்னாள். அவ்வளவுதான். வளர்மதி சாளை வீட்டுக்குள்ளிருந்து வந்து, ‘நம்ம பக்கம்னு சொல்லக்கூடாதாக்கா? அப்ப நாங்க யாரு?’ என்றாள். நம்ம என்று சொல்லியிருந்தாலும், ‘எங்க சோளத்து மேல விழுந்தத நம்ம பக்கம்னு எப்படிச் சொல்லலாம்’ என்று கேட்டிருப்பாள். நிலம் இன்னும் பிரியவில்லை, வார்த்தைகள் எப்போதோ பிரிந்துவிட்டன. எங்க எது, நம்ம எது என்று பார்த்துப் பார்த்து வாயைத் திறந்து அவளுக்குத் தாடையே வலிக்கிறது. இன்றைக்கும் முடியாவிட்டால் வக்கீலிடம் போய்விடுவேன் என்று குமரேசன் சொல்லிவிட்டான். மணியகாரரும் இதுதான் கடைசி என்றார். கோர்ட்டுக்குப் போன சின்னாம்பாளையத்துக்காரர் தோட்டம் வேலிக்கருவை முளைத்துக் கிடக்கிறது, அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் பஸ்ஸில் ஒன்றாகத்தான் வாய்தாவுக்குப் போகிறார்கள், பக்கத்துப் பக்கத்து சீட்டில் பேசாமல் உட்கார்ந்து. அப்படி ஆகிவிட்டால் கிணறும் இல்லை, ரோடும் இல்லை. மாடுகளை விற்க வேண்டியதுதான். அவள் ஒரு வார்த்தை பிசகினால் அது நடக்கும். உட்பட. நீங்கலாக. கடவுளே, எது சேர்க்கிறது, எது தள்ளுகிறது என்பதே இப்போது குழம்பிப் போயிற்று.

கிணற்றடியில் எல்லோரும் இருந்தார்கள். மணியகாரர் தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தார், காலடியில் ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறையச் சுண்ணாம்புத் தூள். கண்ணம்மாள் தேங்காய் மட்டை மேல். குமரேசனும் வளர்மதியும் வெயிலில், நிழலில் வந்தால் கடன் பட்டுவிடுவது போல. சென்னியப்பன் ஒரு ஓரமாக நின்று அவளைப் பார்த்து, மேற்குப் பக்கம் லேசாகத் தாடையை ஆட்டினார். ‘என்ன மாமா, தாடையில ஈ மொய்க்குதா?’ என்றாள் வளர்மதி. கண்ணம்மாள் சிரித்துவிட்டாள். ‘சாப்டியா அம்மிணி?’ என்றார் மணியகாரர். ‘ஆச்சுங்க மாமா.’ ‘பொய். சரி, வா. அவசரமில்ல. ஒரு சுத்து நடந்துட்டு வா. யாரும் அவகூடப் போகக்கூடாது. சென்னியப்பா, உன்னத்தான் சொல்றேன், உக்காரு.’ அவள் நடந்தாள். முதுகில் அஞ்சு ஜோடிக் கண்கள் ஊர்ந்தன. ரோட்டுப் பக்கம் சோளம் அறுத்த வெறும் கட்டை, காலைக் குத்தியது. ரோட்டுப் பக்கம் விலை கூட, அதனால் அளவு கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், கிணற்றுப் பக்கம் தென்னையும் ஈரமும் இருந்தாலும் உள்ளே கிடப்பதால் அளவு கூட இருக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். எத்தனை குறைவு, எத்தனை கூட? இவர் சொன்னபடி வேம்பைத் தாண்டி மேற்கே தள்ளி நின்று பார்த்தாள். கிழக்கே திரும்பி, இதெல்லாம் நமக்கு வந்தால்? நெஞ்சு குளிர்ந்தது. மேற்கே திரும்பினாள். குமரேசன் கிறுக்கனா? அவன் கிணற்றுப் பக்கத்தை எடுத்துவிட்டு நமக்கு இந்தக் கைக்குட்டையைக் கொடுத்தால்? அடிவயிற்றில் நெருப்பு வைத்தாற்போல் எரிந்தது. சோறு இறங்காத வயிறு, அப்படியே எரிந்தது. கிழக்கே நாலு எட்டு வைத்தாள். வேம்புக்கு வந்தாள். ரோட்டுப் பக்கம் கிடைத்தால் என்று நினைத்தாள். இன்னும் எரிந்தது, முன்னைவிடக் கொஞ்சம் தணிந்து. வேம்பைத் தாண்டி, முதல் தென்னை வரிசையையும் தாண்டினாள். இப்போது அதிசயமாக, கிணற்றுப் பக்கம் நமக்கு வந்தால் என்று நினைத்தபோதும் எரிந்தது, வேம்பும் போச்சு, ஒரு வரிசைத் தென்னையும் போச்சே என்று. மேற்கே திரும்பினால் ஒரு எரிச்சல், கிழக்கே திரும்பினால் ஒரு எரிச்சல். இரண்டு வரிசைத் தென்னைக்கும் நடுவில், மட்டையும் பாளையும் கிடக்கிற அந்த இடைவெளியில், பொழியிலிருந்து பொழிக்கு நடந்தாள், திரும்பி நடந்தாள், கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம். அங்கே ஒரு இடத்தில் வயிறு இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி எரிந்தது. பக்கத்தில் வளர்மதி வீட்டில் மாவு ஆட்டுகிற சத்தம் கேட்கும்போது வருகிற எரிச்சலைப் போல, பொறுத்துக்கொள்ளக்கூடிய, தினப்படி எரிச்சல். இதுதான், என்று மயிலாத்தாள் நினைத்தாள். அட, இவ்வளவுதானா?

திரும்பி வந்து நின்றாள். ‘சொல்லு அம்மிணி’ என்றார் மணியகாரர். வாயைத் திறந்தாள். வடக்குப் பொழியிலிருந்து தென்னை வரிசை என்று ஆரம்பித்தால் அடுத்து வரப்போவது அந்த வார்த்தைதான், தொண்டைக்குள் நின்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ‘தென்னை வரிசை வ...’ என்று வந்துவிட்டது. சென்னியப்பன் கழுத்து நீண்டது. குமரேசன் கையைக் கட்டினான். சட்டென்று குனிந்து பெயின்ட் டப்பாவைத் தூக்கினாள். ‘என்ன பண்றா இவ?’ என்றார் சென்னியப்பன். அவள் வடக்குப் பொழிக்குப் போய், இரண்டு தென்னை வரிசைக்கும் நடுவில் நின்று, சுண்ணாம்பை அள்ளிக் கோலம் போடுகிறவள் மாதிரி விரலிடுக்கில் விட்டுக்கொண்டே தெற்கே நடந்தாள். ஒரு இடத்தில் மண்புற்று குறுக்கிட்டது, அதன் மேலேயே விட்டாள். தெற்குப் பொழியில் தடத்தைத் தொட்டு நிறுத்தி டப்பாவைக் கவிழ்த்தாள். மணியகாரர் எழுந்து கோட்டின் மேலேயே நடந்துபோய் வந்தார், அந்தந்த மரத்தைத் தட்டிக்கொண்டே. ‘இதுல வரைக்கும் இல்ல, உட்பட இல்ல. எந்த மரம் எந்தப் பக்கம்னு கண்ணு சொல்லுது. நாலெல்லை எழுதறவன் வந்து பார்த்து எழுதிக்கட்டும், சர்வேயர் வந்து கல்லு போட்டுக்கட்டும். குமரேசா, எடு.’

வேம்பு ரோட்டுப் பக்கம் விழுந்ததைச் சென்னியப்பன் அப்போதுதான் பார்த்தார். ‘நான் சொன்னதென்ன, நீ செஞ்சதென்ன? வேம்ப அவனுக்கு வாரிக் குடுத்துட்டியே!’ என்று பல்லைக் கடித்தார். குமரேசன் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றான், அந்தப் பக்கம் நின்றான். வளர்மதி அவன் காதில் ஏதோ சொன்னாள், அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான், அவள் மறுபடியும் சொன்னாள். அவன் முகத்தில் அதே எரிச்சல் தெரிந்தது, இந்தப் பக்கம் நின்றாலும், அந்தப் பக்கம் நின்றாலும். மயிலாத்தாளுக்கு ஒரு கணம் அவனைப் பிடித்திருந்தது. ‘யோசிச்சுச் சொல்லு, பொழுது இருக்கு’ என்றார் மணியகாரர். வெகுநேரம் கழித்து, ‘கிணத்துப் பக்கம்’ என்றான் குமரேசன். ‘அப்ப சைட்டுக்காரன்?’ என்று சென்னியப்பன் வாய்விட்டே கேட்டுவிட்டார். ‘எந்தச் சைட்டுக்காரன்? டீ குடிச்சான் அண்ணா அவன். நான் வடை தின்னேன்.’ கண்ணம்மாள் மறுபடியும் சிரித்தாள், அப்புறம் அழுதாள். எடுத்தது எடுத்ததுதான் என்று இரண்டு பேரும் மணியகாரர் கையில் கையை வைத்துச் சொன்னார்கள். பத்திரத்துக்கு நாள் பார்க்கப் பேச்சு போயிற்று. கிணற்றுப் பக்கம். மயிலாத்தாள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு நின்றாள். ரோட்டுப் பக்கம், வேம்போடு, இவர்களுக்கு. கிணறு பொதுதான், எழுதப்போகிறார்கள், மணியகாரர் சாட்சி. ஆனால் கிணற்றுக்குப் போக இனி அவள் நடக்கப்போவது வளர்மதி காட்டில். வளர்மதி இப்போதே மோட்டார் ரூம் பக்கமாகப் போய், கதவில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தாள், சொந்த வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. இன்றைக்கு ஒரு நாள் சும்மா விட்டால் நாளைக்கு அந்தக் கதவுக்குப் பூட்டு வரும். ‘பூட்டு கெடுதலுக்கு இல்லக்கா, எலி போகுதுன்னுதான்’ என்பாள். சாவியை மறந்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போவாள். அப்புறம் மணியகாரரைக் கூப்பிட வேண்டும், அவர் வர வேண்டும், வெற்றிலை, டம்ளர், உட்பட, நீங்கலாக.

‘ஏனுங்க மாமா, இன்னைக்கு யாரு முறைங்க?’ என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மணியகாரர் நிமிர்ந்து பார்த்தார். ‘மூத்தவனுக்கு மொத முறைன்னுதான் பேசினோம். இன்னைக்கே தொடங்கினா உன் முறை.’ அவள் மோட்டார் ரூமுக்குப் போனாள். ‘கொஞ்சம் தள்ளிக்கோ வளரு.’ வளர்மதி தள்ளிக்கொண்டாள். கரண்ட் இருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள், மோட்டார் இரைந்தது. குழாயடிக்கு வந்து, தென்னைக்குப் போகிற வால்வை மூடி, மேற்கே போகிற வால்வை இரண்டு கையாலும் திருகினாள், துருவேறி அது கத்திக்கொண்டு திறந்தது. ‘அக்கா, வெறுங்காட்டுக்கு எதுக்குத் தண்ணி? அங்க சோளக்கட்டதான இருக்கு!’ என்றாள் வளர்மதி. ‘கட்டைக்குத்தான்.’ ‘கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு?’ என்றார் சென்னியப்பன். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, வேம்பைத் தாண்டி அவள் நடந்தாள். மேற்கே குழாய் வாயில் தண்ணீர் முதலில் காற்றாக இருமி, பிறகு துருவாகத் துப்பி, பிறகு தண்ணீராகவே வந்தது. மடையை வெட்டிவிட்டாள். அறுத்துப் போட்ட கட்டைகளுக்கு நடுவில், யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லாத அந்தக் காட்டில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஒவ்வொரு பாத்தியாக நிரம்பிக்கொண்டு போயிற்று. மணியகாரர் மட்டும் கிணற்றடியிலிருந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். பாய்ச்சு என்கிறாரா, போதும் என்கிறாரா என்று தெரியவில்லை. பாய்ச்சு என்று எடுத்துக்கொண்டு, கரண்ட் நிற்கிற மட்டும் அவள் அங்கேயே நின்று, பாத்தி பாத்தியாக மடை மாற்றிக்கொண்டிருந்தாள்.